நோட்டீஸ் தேதியில் வழக்கு மூலம் பிறக்குமா?

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. உரிமையியல் நடைமுறைச் செய்முறைத் தாளுக்காக ஒரு புரோநோட் வழக்கில் பிராதும் எதிருரையும் எழுதினேன். விவரம் இது. 12.04.2022-இல் மதுரையில் ரூ.60,000 கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. கேட்கும்போது தருவதாகப் புரோநோட். 20.11.2024-இல் மதுரையிலேயே ரூ.5,000 வட்டி வரவு. 02.06.2025-இல் வக்கீல் நோட்டீஸ். பிரதிவாதி திண்டுக்கல்காரர். 2021-இல் வாதி நடத்திய சீட்டுக்காக வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து அது என்றும், வரவு தன் கையெழுத்து அல்ல என்றும் பதில் நோட்டீஸ் அனுப்பினார். “நோட்டீஸ் கொடுத்தும் பணம் தராததால் 02.06.2025 அன்று வழக்கு மூலம் எழுந்தது” என்று பிராதில் எழுதினேன். ஆசிரியர் அந்தப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டார். பிழை எங்கே?

- ஒரு மாணவி, திருச்சி

பதில்: உங்கள் ஆசிரியர் அடித்தது சரி. நீங்கள் எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், வழக்குத் தொடுப்பதற்கு ஒரு காரணமும் அதில் இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது வாதியின் செயல். தன் செயலால் ஒருவர் தனக்கே வழக்கு உரிமையை உண்டாக்கிக்கொள்ள முடியாது. கடன் கொடுத்தது, நோட்டு எழுதி வாங்கியது, பணம் திரும்பாதது ஆகியவைதாம் உரிமையைத் தருகின்றன. வாதி வெற்றிபெற எந்தெந்த உண்மைகளை நிரூபித்தாக வேண்டுமோ, அவற்றின் தொகுப்பே வழக்கு மூலம். நோட்டீஸை நிரூபிக்காமலும் புரோநோட் வழக்கில் டிக்ரி வாங்கலாம், நோட்டை நிரூபிக்காமல் வாங்க முடியாது.

இது வெறும் நடைப் பிழை அல்ல. கேட்கும்போது தரவேண்டிய புரோநோட்டுக்கு, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 35-ஆவது இனம் மூன்று ஆண்டு தருகிறது. அந்தக் கெடு நோட்டின் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும், கேட்ட தேதியிலிருந்து அல்ல. ஆகவே உங்கள் கணக்கில் கெடு 12.04.2025-உடன் முடிகிறது. பிராதின் தேதி 12.08.2025 என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதம் தாமதம். நோட்டீஸ் தேதியை வழக்கு மூலமாகக் காட்டினால், கெடு கடந்துவிட்டதை மறைக்க முயன்றதுபோல் தோன்றும்.

உங்களைக் காப்பாற்றுவது அந்த ரூ.5,000 வரவுதான். அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, கெடு முடிவதற்குள் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ செலுத்தப்பட்டு, செலுத்தியவரின் கையெழுத்திலோ கையொப்பத்தோடோ எழுத்தில் பதிவாகியிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிய மூன்று ஆண்டு தொடங்கும். 20.11.2024 கெடுவுக்குள் வருகிறது. அதே வரவு 20.05.2025 என்றிருந்தால் செத்துப்போன கடனை அது எழுப்பாது. வினாத்தாள் தயாரிப்பவர்கள் இந்த ஒரு தேதியை மாற்றித்தான் மாணவர்களைச் சோதிப்பார்கள். வரவு யார் எழுத்தில், யார் கையொப்பத்தில் என்று பிராதில் சொல்லியே ஆகவேண்டும். காலவரையறையிலிருந்து விலக்கு கோருபவர் அதற்கான காரணத்தைப் பிராதிலேயே காட்ட வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆம் கட்டளை 6-ஆம் விதி.

பத்தியை இப்படி எழுதிப் பாருங்கள்: “12.04.2022 அன்று பிரதிவாதி வாதியிடம் ரூ.60,000 ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, கேட்கும்போது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியுடன் திருப்பித் தருவதாக வழக்குப் புரோநோட்டை எழுதிக் கொடுத்த தேதியிலும், 20.11.2024 அன்று வட்டிக்காக ரூ.5,000 செலுத்தி, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையொப்பமிட்ட தேதியிலும், இந்நீதிமன்ற எல்லைக்கு உட்பட்ட மதுரையில் வழக்கு மூலம் எழுந்துள்ளது.” நோட்டீஸும் பதிலும் தனிப் பத்தியில் வெறும் நிகழ்வாக வரட்டும். “மதுரையில்” என்பதை விட்டுவிடாதீர்கள். பிரதிவாதி திண்டுக்கல்லில் இருக்கும்போது மதுரையில் வழக்குப் போட 20-ஆவது பிரிவு இடம் தருவது, வழக்கு மூலத்தின் பகுதி அங்கே எழுந்ததால்தான். வாதி மதுரையில் குடியிருக்கிறார் என்பது மட்டும் போதாது.

இன்னொன்று: கடைசியில் வரும் இந்தப் பத்தி, முன்னால் சொன்னவற்றின் சுருக்கம் மட்டுமே. கடன், நோட்டு, வரவு, பாக்கி நான்கும் பிராதின் உடலில் தனித்தனிப் பத்திகளாக முன்பே வந்திருக்க வேண்டும். அவை அங்கே இல்லையென்றால், தேதிகளை அடுக்கிய ஒரு பத்தி பிராதைக் காப்பாற்றாது. வழக்கு மூலத்தை வெளிப்படுத்தாத பிராதை 7-ஆம் கட்டளை 11-ஆம் விதியின் கீழ் நிராகரிக்கலாம். சாமர்த்தியமான எழுத்தால் இல்லாத வழக்கு மூலத்தை இருப்பதுபோல் காட்டும் பிராதுகளை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று, 1977-இல் டி. அறிவானந்தம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது.

தொகைக் கணக்கும் உடலில் வரட்டும். மாதம் ரூ.600 வீதம் 40 மாத வட்டி ரூ.24,000. வரவு ரூ.5,000 போக ரூ.19,000. அசலோடு சேர்த்து ரூ.79,000. மதிப்பீட்டுப் பத்தியிலும் பரிகாரப் பத்தியிலும் இதே தொகை இருக்க வேண்டும். இரண்டும் முரண்படும் விடைத்தாள்கள் ஏராளம்.

இனி எதிருரை. “பிராதில் கண்ட யாவும் பொய், மறுக்கப்படுகின்றன” என்று ஒரே வரியில் முடித்தால் மறுக்கவே இல்லை என்றுதான் பொருள்படும். 8-ஆம் கட்டளையின் 3 முதல் 5 வரையுள்ள விதிகள், ஒவ்வொரு சங்கதியையும் குறிப்பிட்டு மறுக்கச் சொல்கின்றன. மறுக்காதது ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். “ரூ.60,000 பெறவில்லை” என்பதும் நழுவலான மறுப்புதான், ரூ.50,000 பெற்றிருக்கலாமே! “அத்தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ பெறவில்லை” என்று எழுதுங்கள்.

உங்கள் பிரதிவாதிக்குச் சிக்கலான இடம் கையெழுத்து. நோட்டில் உள்ள கையெழுத்து தன்னுடையதென்று பதில் நோட்டீஸில் ஒப்புக்கொண்டபின், எதிருரையில் அதை மறுக்க முடியாது, மறுத்தால் மொத்த நம்பகமும் போகும். ஒப்புக்கொண்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு தரும் மறுபயன் பற்றிய அனுமானத்தை வாதி துணைக்கு அழைப்பார். அதை உடைக்க “சீட்டுக்காகப் போட்டது” என்ற இரண்டு சொல் போதாது. எந்த ஆண்டுச் சீட்டு, யார் நடத்தியது, எதற்குப் பிணையாக, என்ன நிலையில் கையெழுத்திட்டார் என்பதெல்லாம் வர வேண்டும். வினாவில் இல்லாத விவரத்தைக் கற்பனையாகச் சேர்க்காதீர்கள், இடம்விட்டுக் கோடு போடுங்கள்.

வரவுக் கையெழுத்தையோ நேராக மறுத்துத் தனிப் பத்தி எழுதுங்கள். வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை வாதி நிரூபிக்கத் தவறினால், 12.04.2025-க்குப் பிறகு வந்த வழக்கு காலாவதியாகிவிடும். கெடு கடந்ததா என்று காலவரையறைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் தானாகவே பார்க்கும் என்றாலும், அதை நீங்களும் எழுப்புங்கள். “கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்” என்ற வாதத்தை மட்டும் கூடவே சேர்த்துவிடாதீர்கள். வாங்கவே இல்லாத கடனை யாரும் திருப்பித் தருவதில்லை.