தொண்டைக்கட்டும் குரலுக்கு ஓய்வும்

நான் தணிக்கைக்குச் செல்லும் நெசவாளர் சங்கம் ஒன்றில் பொதுக்கூட்டம் நடைபெற்றது. காரியதரிசி அவர்கள் மூன்று நாளாக ஜலதோஷத்தால் அவதியுற்றிருந்தார். ஒலிபெருக்கி பழுதாகிவிடவே, வரவு செலவு அறிக்கை முழுவதையும் உரத்த குரலிலேயே படித்து முடித்தார். மறுநாட் காலையில் அவருக்குக் குரலே எழவில்லை.

குரல்வளையினுள் இரண்டு நாண்கள் உள. நாம் பேசுங்கால் அவை ஆடவர்க்கு விநாடிக்கு 100 தடவைக்கு மேலும், பெண்டிர்க்கு ஏறத்தாழ 200 தடவையும் மோதிப் பிரிகின்றன. ஜலதோஷத்தில் அவை வீங்கித் தடித்துவிடுகின்றன. அந்நிலையில் கூவினால் வீக்கம் மேலும் மிகுகிறது.

காரியதரிசி செய்த தவறு மறுநாள்தான் தொடங்கிற்று. குரல் இல்லையே என்று வந்தவரிடமெல்லாம் இரகசியம் பேசுவதுபோல் கிசுகிசுத்தார். இதனை ஓய்வென்று பலர் கருதுகின்றனர், அது சரியன்று. முயன்று கிசுகிசுக்கையில் தொண்டைத் தசைகள் இறுகிக் குரல்வளை வருந்துகிறது. இன்றியமையாத சொல்லை அருகிருப்பவரிடம் மெல்லிய இயற்கைக் குரலிற் சொல்லலாம். மற்றவற்றை எழுதிக் காட்டலாம். அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் நாண்களை மோதச் செய்வதே. செருமத் தோன்றும்போது ஒரு மிடறு நீர் அருந்துக.

அருந்தும் நீர் நாண்களின்மேல் நேரே படுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே செல்வது. ஆயினும் உடலில் நீர் குறையாதிருந்தால் சளி இளகி, நாண்கள் ஈரமாயிருக்கும். சிறுநீர் வெளுத்த நிறமாய் இருப்பின் அருந்தியது போதுமெனக் கொள்ளலாம். இருதய நோய், சிறுநீரக நோய்க்காக நீரளவு குறைக்கப்பட்டவர்கள் தங்கள் டாக்டர் விதித்த அளவை மீறலாகாது. வெந்நீரோ கஞ்சியோ, எது இதமோ அதுவே நன்று. ஆவி பிடிப்பதும் இதம் தரும். ஆனால் பாத்திரம் கவிழ்ந்து வெந்து போனோர் உண்டு, குழந்தைகளுக்கு அது வேண்டாம். பீடியும் சிகரெட்டும் அறவே கூடா. பெரும்பாலும் இது வைரஸ் கிருமியால் வருவதாகையால், கடையில் தாமே வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையால் பயனில்லை.

நம் காரியதரிசி மூன்று நாள் சிலேட்டும் கையுமாய் அலுவல் பார்த்தார். அங்கத்தினர் சிலருக்கு அது வேடிக்கையாயிருந்தது! நான்காம் நாள் குரல் கரகரத்து எழுந்தது. பத்து நாளில் பழையபடி ஆயிற்று.

எல்லாருக்கும் அவ்வாறு ஆகிவிடுவதில்லை. மூச்சுத் திணறல், மூச்சை உள்ளிழுக்கையில் சீழ்க்கையொலி, உமிழ்நீரும் விழுங்கவியலாமை, இருமலில் இரத்தம் ஆகியவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கூவிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென அறுந்தால், நாணில் இரத்தக்குழாய் வெடித்திருக்கக்கூடும்; அன்றே வாய்திறவாதிருந்து, தாமதமின்றி டாக்டரைக் காண்க.

அச்சங்கத்திலேயே பீடிப் பழக்கமுள்ள முதியவர் ஒருவர், இரு மாதமாகக் குரல் கம்மியிருந்தும், “பாவு தோய்க்கையில் பனியில் நின்றதுதான்” என்று கூறிவந்தார். மூன்று வாரம் கடந்தும் குரல் தெளியாவிடில் அது வெறும் தொண்டைக்கட்டு என்று இருத்தலாகாது. கழுத்தில் கட்டி தென்பட்டாலோ, புகையிலைப் பழக்கம் இருந்தாலோ அத்தனை நாளும் காத்திராமல் செல்வதே நலம். குரல்வளைப் புற்றுநோய்க்கு முதல் அடையாளம் பல வேளைகளில் குரல் கம்மலே. தொடக்கத்திற் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். காது மூக்கு தொண்டை டாக்டர் சிறு கண்ணாடியாலோ, மூக்கின் வழியே செலுத்தும் மெல்லிய குழாயாலோ நாண்களைப் பார்த்துவிடுவார். சில நிமிட வேலை. முதியவரும் அடுத்த திங்களன்று ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட இசைந்துள்ளார்.