அதிர்வது எது?

நுழையும்முன்

ஓர் இசைக்கருவிக்குப் பெயர் உண்டு, வடிவம் உண்டு, அது செய்யப்பட்ட பொருளும் உண்டு. ஆயினும் இம்மூன்றும் அக்கருவியில் ஒலி எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஒலி பிறக்கும் இடத்தை அறிந்து கருவிகளை வகைப்படுத்தும் முறையைக் காவிரிப் படுகையின் கருவிகள் சிலவற்றைக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

ஒரே மரம், இரண்டு வகை

தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் குடையப்படுகிறது. தவிலின் உடலும் பலாமரத்தில் கடைந்து எடுக்கப்படுவதே. மரத்தை அளவுகோலாகக் கொண்டால் இவ்விரண்டும் ஓரினமாகிவிடும். ஆனால், வீணையில் விரல் மீட்டுவது தந்தியை; தவிலில் விரலும் கோலும் தாக்குவது தோலை. பலாமரம் இரண்டிலும் ஒலியைப் பெருக்கித் தருகிறதேயன்றி, ஒலியைத் தொடங்கிவைப்பதில்லை. எனவே வீணை நரம்புக்கருவி, தவில் தோற்கருவி.

தமிழர் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்தனர். மனிதக் குரலை மிடற்றுக்கருவி எனச் சேர்த்து ஐந்தாகக் கொள்வதும் உண்டு. கோயில் வாயிலில் ஒலிக்கும் நாகசுரக் குழுவை நோக்கினால் இப்பகுப்பின் பெரும்பகுதி கண்முன் நிற்கும். நாகசுரம் துளைக்கருவி, தவில் தோற்கருவி, தாளம் கஞ்சக்கருவி. வீணையையும் அருகில் வைத்துவிட்டால் நான்கு வகையும் நிறைவுபெறும்.

இவ்வளவில் வகைப்படுத்தல் எளிதாகத் தோன்றும். பெயரோ பொருளோ வடிவமோ நம்மைத் திசைதிருப்பும் இடங்களில்தான் அதன் அடிப்படை விதி சோதனைக்கு உள்ளாகிறது. அத்தகைய மூன்று கருவிகளைக் காண்போம்.

பெயர் திசைதிருப்பும் இடம்: முகவீணை

முகவீணை என்னும் பெயரைக் கேட்டவுடன் தந்திகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால், முகவீணையில் தந்தி ஒன்றுகூட இல்லை. அது நாகசுரத்தைப் போன்று சீவாளி பொருத்தி வாயால் ஊதப்படும் சிறிய குழல். பெயரை மட்டும் பார்த்துப் பதிவேடு எழுதுபவர் அதனை நரம்புக்கருவிகளின் வரிசையில் சேர்த்துவிடக்கூடும். பின்னாளில் துளைக்கருவிகளைத் தேடுபவருக்கு அது கிடைக்காது.

இங்கு ஒரு வினா எழும். சீவாளியும் அதிர்கிறது, குழலினுள் இருக்கும் காற்றும் அதிர்கிறது. இவற்றுள் எதை முதன்மையாகக் கொள்வது? இதற்கு நாகசுரத்தையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். நாகசுரத்தில் சீவாளி, அதனைத் தாங்கும் கெண்டை, ஆச்சா மரத்தாலான குழல், அடியில் விரிந்த அணைசு என்னும் உறுப்புகள் உள்ளன. சீவாளியைத் தனியே எடுத்து ஊதினால் கீச்சென்ற ஒலி மட்டுமே எழும். அதனைக் குழலில் பொருத்தி ஊதினால், ஒலி குழலின் நீளத்துக்குக் கட்டுப்படுகிறது. விரல்துளைகள் ஏழையும் மூடினால் காற்றுத் தம்பம் நீண்டு சுரம் தாழ்கிறது. அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் தம்பம் குறுகிச் சுரம் உயர்கிறது. நீளம் குறைந்த திமிரி நாகசுரம் உச்ச ஒலியும், நீளம் மிகுந்த பாரி நாகசுரம் தாழ்ந்த ஒலியும் தருவது இக்காரணத்தால்தான். சீவாளி, ஊதும் காற்றை விட்டுவிட்டுச் செலுத்தும் வாயில். சுரமாக நிலைபெறுவது காற்றின் அதிர்வு. ஆகவே நாகசுரமும் முகவீணையும் துளைக்கருவிகளே.

பொருள் திசைதிருப்பும் இடம்: பஞ்சமுக வாத்தியம்

திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் ஒலிக்கும் பஞ்சமுக வாத்தியத்தைக் குடமுழா என்றும் அழைப்பர். ஒரே வெண்கலக் குடத்தின் மேற்புறத்தில் ஐந்து வாய்கள் எழும்பியிருக்கும். நடுவாய் ஏனையவற்றினும் பெரியது. சிவபெருமானின் ஐந்து முகங்களுக்கு இவை அடையாளம் எனக் கருதப்படுகின்றன. ஐந்து வாய்களும் தோலால் போர்த்தப்பட்டிருக்கும். இசைப்பவர் கைகளால் அத்தோல்முகங்களை அறைந்து ஒலி எழுப்புவார்.

கஞ்சம் என்பது வெண்கலம். குடமுழாவின் எடையில் பெரும்பங்கு வெண்கலமே. அப்படியானால் இதனைக் கஞ்சக்கருவி எனலாமா? விடை காண மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதல் வினா: இசைப்பவரின் கை எதனைத் தொடுகிறது? தோலை. இரண்டாம் வினா: எதனை நீக்கினால் கருவி தன் ஒலியை இழக்கும்? தோலை நீக்கிவிட்டால் கையால் அறைவதற்கு முகமே இல்லை. எஞ்சுவது ஐந்து வாயுள்ள பாத்திரம். மூன்றாம் வினா: எதனை மாற்றினால் சுரம் மாறுகிறது? தோலின் இழுவிசை கூடினால் சுரம் உயரும், தளர்ந்தால் தாழும். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்வதும், தோற்கருவி இசைப்போர் அதனை வெப்பத்தில் காட்டி மீண்டும் இறுகச் செய்வதும் படுகை நாட்டில் காணக்கூடியவை. வெண்கலத் தாளத்துக்கு இத்தொல்லை இல்லை. மூன்று வினாக்களுக்கும் விடை தோல் என்பதால் குடமுழா தோற்கருவி.

இவ்வகைப்பாடு வெறும் பெயரிடல் அன்று. கருவியைக் காப்பதற்கும் இதுவே வழிகாட்டி. வெண்கலம் நூற்றாண்டுகள் நிலைக்கும். தோல் சில காலத்திலேயே பழுதடையும். குடமுழாவைக் கஞ்சக்கருவி எனக் குறித்து வைத்தால், தோல் அழிந்த பின்னும் கருவி முழுமையாக இருப்பதாகவே பதிவேடு காட்டும். போர்த்தப்பட்ட தோலின் இயல்பும், கட்டிய முறையும், கட்டத் தெரிந்தவரின் அறிவும் குறிக்கப்படாமலே மறைந்துபோகும். எஞ்சிய வெண்கலக் குடத்தைப் பார்ப்பவர் அது முழங்கிய கருவி என்பதையே அறியமாட்டார்.

வடிவம் திசைதிருப்பும் இடம்: கடம்

கடமும் குடம், குடமுழாவும் குடம். ஆனால் கடத்தின் வாய் திறந்தே இருக்கிறது. அதில் தோல் இல்லை. கைகளும் விரல்களும் மண்சுவரையே தட்டுகின்றன, சுவரே அதிர்கிறது. கழுத்திலும் வயிற்றுப்பகுதியிலும் தட்டும்போது வெவ்வேறு ஒலி பிறப்பது, அவ்விடங்களில் சுவர் வெவ்வேறாக அதிர்வதால்தான். எனவே இது தோற்கருவி அன்று. நரம்பும் இல்லை, ஊதுவதும் இல்லை. எஞ்சியிருப்பது கஞ்சக்கருவி என்னும் வகை. ஆனால், கடம் மண்ணால் ஆனதாயிற்றே!

இங்குதான் வகையின் பெயருக்கும் வகையின் விதிக்கும் இடையிலான வேறுபாடு புலப்படுகிறது. கஞ்சக்கருவி என்னும் பெயர் பொருளைச் சுட்டுகிறது. ஏனைய பெயர்களோ ஒலி பிறக்கும் உறுப்பைச் சுட்டுகின்றன. பரதரின் நாட்டிய சாத்திரம் கருவிகளைத் ததம், அவனத்தம், கனம், சுஷிரம் என நான்காகப் பகுக்கிறது. அவை முறையே நரம்பு, தோல், திண்பொருள், துளை ஆகியவற்றைக் குறிப்பன. கனம் என்பது திண்மையைச் சுட்டுவதால், வெண்கலத் தாளமும் மண்கடமும் அதனுள் ஒருங்கே அடங்கும். தன் உடலின் திண்மையாலேயே அதிரும் கருவி என்று பொருள் கொண்டால், கடத்துக்கு உரிய இடம் தெளிவாகிறது.

இந்திய நாற்பகுப்பு ஐரோப்பாவுக்கும் சென்றது. வங்கத்தைச் சேர்ந்த இசையறிஞர் சௌரீந்திர மோகன் தாகூர் 1876ஆம் ஆண்டில் பெல்சிய மன்னருக்கு இந்திய இசைக்கருவிகள் பலவற்றை அன்பளிப்பாக அனுப்பினார். அவை பிரசெல்சு இசைப்பள்ளியின் அருங்காட்சியகத்தை அடைந்தன. அதன் காப்பாளர் விக்டர் மகியோன் தம் அட்டவணையில் கருவிகளைத் தாமே அதிர்பவை, தோல், காற்று, நரம்பு என நான்காகப் பகுத்தார். அப்பகுப்பை விரிவாக்கி, எரிக் வான் ஓர்ன்போசுடல், கூர்ட் சாக்சு ஆகியோர் 1914இல் எண்முறை வகைப்பாட்டை வெளியிட்டனர். அதில் 1 தன்னதிர்வுக் கருவி, 2 தோற்கருவி, 3 நரம்புக்கருவி, 4 காற்றுக்கருவி ஆகும்.

எண்ணாக எழுதுதல்

இம்முறையில் ஒவ்வோர் இலக்கமும் ஒரு விடை. நாகசுரத்துக்கு எண் வழங்கிப் பார்ப்போம். அதிர்வது காற்று, எனவே முதல் இலக்கம் 4. அதிரும் காற்று கருவியின் குழலுக்குள் அடங்கியிருக்கிறது, எனவே 42. காற்று, நாக்குப் போன்ற தட்டையின் வழியே செலுத்தப்படுகிறது, எனவே 422. அந்நாக்கு இரண்டு இதழ்கள் சேர்ந்தது, எனவே 422.1. குழல் ஒன்றே, எனவே 422.11. குழலின் துளை மேலே குறுகிக் கீழே விரிகிறது; எனவே 422.112. ஐரோப்பிய ஓபோ என்னும் குழலும் இதே எண்ணைப் பெறும். மொழியும் நாடும் வேறுபட்டாலும் ஒலி பிறக்கும் முறை ஒன்றே என்பதை இவ்வெண் காட்டுகிறது. ஆச்சா மரத்தைப் பற்றியோ திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898 – 1956) வாசித்த பாரி நாகசுரத்தின் தனித்தன்மையைப் பற்றியோ இவ்வெண் ஏதும் சொல்லாது. அவற்றை விளக்கமாகவே எழுத வேண்டும்.

விதியின் எல்லை

எல்லாக் கருவிகளும் ஒரே வகைக்குள் அடங்கிவிடுவதில்லை. கஞ்சிராவில் தோலும் உண்டு. சட்டத்தில் பொருத்திய உலோக வில்லைகளும் உண்டு. தாளச் சொற்களைத் தாங்குவது தோல் என்பதால், அது தோற்கருவியாகக் கொள்ளப்படுகிறது. வில்லைகளின் ஒலி துணையொலி எனக் குறிக்கப்படும். மோர்சிங்கு இன்னும் கடினமானது. அதன் உலோக நாக்கை விரலால் மீட்டுகிறோம்; ஆனால் வாயறையும் மூச்சும் அதன் ஒலியை மாற்றுகின்றன. 1914ஆம் ஆண்டின் வகைப்பாடு அதனைத் தன்னதிர்வுக் கருவியாகக் கொண்டது. காற்றின் பங்கே பெரிது எனப் பின்வந்த ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். இத்தகைய இடத்தில் ஒரு வகையை வலிந்து பொருத்துவதைவிட, முதன்மையாக அதிர்வது எது, துணையாக அதிர்வது எது என இரண்டையும் காரணத்துடன் எழுதுவதே முறை.

கற்பவை கற்றபின்

1. நீர் நிரப்பிய பீங்கான் கிண்ணங்களைக் குச்சியால் தட்டி இசைப்பது சலதரங்கம். ஒரே அளவுள்ள இரு கிண்ணங்களை எடுத்து, ஒன்றில் மட்டும் நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தட்டிப் பாருங்கள். சுரம் எவ்வாறு மாறுகிறது? அதிர்வது நீரா, கிண்ணமா? மூன்று வினாக்களையும் கேட்டு வகையை முடிவுசெய்க.

2. உங்கள் ஊர்க் கோயிலிலோ திருவிழாவிலோ ஒலிக்கும் கருவி ஒன்றைத் தேர்ந்து, அதன் பெயர், செய்யப்பட்ட பொருள், முதன்மையாக அதிரும் உறுப்பு, துணையாக அதிரும் உறுப்பு, விரைவில் பழுதடையும் உறுப்பு ஆகியவற்றை இசைப்பவரிடம் கேட்டுப் பதிவுசெய்க.