கயிறு, கல், பூ

கேள்வி: பெங்களூருவில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தடுப்புக்காவலில் சித்திரவதைப்பட்ட ஈழ அகதி ஒருவர், அதைச் சொல்லத் தொடங்கியதும் உறைந்துபோகிறார். கதைசொல்லல் சிகிச்சையைத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தாலோ, மனச்சிதைவு இருந்தாலோ முதலில் அதைக் கவனியுங்கள்.

முதல் அமர்வில் கயிற்றைப் பிறப்பிலிருந்து விரித்து, நல்லவற்றுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைக்கச் சொல்லுங்கள்; விவரம் கேட்க வேண்டாம். அடுத்த அமர்வுகளில் வரிசையாகச் சொல்லட்டும். கல் வரும் நாளுக்கு 90 முதல் 120 நிமிடம் ஒதுக்குங்கள். அச்சம் உச்சத்தில் இருக்கும்போது நிறுத்தினால் அவர் அதோடுதான் வீடு போவார். அவர் சொன்னதை எழுதி, மறுமுறை வாசித்துக்காட்டித் திருத்துங்கள்.

குரல் தேய்ந்து, பார்வை நிலைத்து, முகம் வெளிறினால் உறையப்போகிறார் என்று பொருள். எழுந்து நிற்கவைத்து, கால் தசைகளை இறுக்கச் சொல்லுங்கள். "அது அன்றைக்கு, இது பெங்களூரு" என்று இன்றைய தேதியோடு சொல்லுங்கள். தெளிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். விசாரணை அறையை நினைவூட்டும் விளக்கும் மூடிய கதவும் வேண்டாம்.

2005இல் வடகிழக்கு இலங்கையில், பயிற்சி பெற்ற உள்ளூர்த் தமிழ் ஆலோசகர்கள் இந்தச் சிகிச்சையின் சிறுவர் வடிவத்தை ஆறு அமர்வுகளில் நடத்தினார்கள். தியானம், தளர்வுப் பயிற்சி பெற்ற சிறுவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். ஆகவே இவர் சொல்ல மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

எழுதிய கதை அவருக்கே சொந்தம். ஊரில் உறவினர் இருக்கக்கூடும் என்பதால், பெயர்களை நீக்காமல் எவருக்கும் தராதீர்கள்.