விலை சொல்லுமுன் கேட்க வேண்டியவை

"கிச்சன் டவல் 10,000, விலை என்ன?" என்று வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தால், கரூர் உற்பத்தியாளர் உடனே விலை சொல்லக்கூடாது. 50×70 செ.மீ. டவல் 200 ஜி.எஸ்.எம். என்றால் 70 கிராம்; 240 என்றால் 84. மொத்தத்தில் 140 கிலோ வித்தியாசம். லாபமே அதில் கரையலாம். ஆகவே விலை கோரும் படிவத்தில் அளவு, ஜி.எஸ்.எம்., நிறவாரியான எண்ணிக்கை, பேக்கிங் ஆகியவை கட்டாயம். சேரும் துறைமுகமும், விலை எஃப்.ஓ.பி.யா சி.ஐ.எஃப்.பா என்பதும் வேண்டும். பின்னதில் கப்பல் வாடகையும் காப்பீடும் நம் கணக்கில் வரும்.

நீண்ட படிவம் வாங்குபவரை விரட்டாதா? விரட்டலாம்தான். அதனால் பணம் தரும் முறை போன்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஆனால் ஆர்கானிக் சான்று வேண்டுமா என்பதைத் தள்ளிப்போட முடியாது; அதைப் பொறுத்து நூல் விலையே மாறும். ஜி.எஸ்.எம். தெரியாதவருக்கு 'மாதிரி அனுப்புகிறேன்' என்றொரு கட்டம் வையுங்கள். வந்த துணியை அளந்து எடைபோட்டால் கணக்கு தெரிந்துவிடும்.