முடிவில்லாத திரை வரிசை: கண், கழுத்து, இடைவேளை உரிமை

காப்பீட்டுக் கோரிக்கைகள், வங்கி எச்சரிக்கைகள், மருத்துவமனைச் சந்திப்பு வேண்டுகோள்கள், வாடிக்கையாளர் கடிதங்கள் என ஏதோ ஒன்று திரையில் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். ஒன்றை முடித்து அழுத்தியவுடன் அடுத்தது தானாகவே திறந்துகொள்ளும். இலண்டனில் தமிழர் பலர் செய்யும் அலுவலகப் பணி இன்று இவ்வகையினது. இதில் உடலை வருத்துவது திரை மட்டுமன்று. பழைய அலுவலகங்களில் கோப்பை எடுக்க எழுந்து செல்வதும், அச்சிட்ட தாளைக் கொண்டுவருவதும் கண்ணுக்கும் கைக்கும் தாமாகவே ஓய்வளித்தன. வரிசைப் பணியில் அந்த இடைவெளிகள் மறைந்துவிட்டன.

இவ்வேறுபாட்டின் பொருளை இரண்டு ஆங்கிலேய வழக்குகள் தெளிவாகக் காட்டுகின்றன. 1991இல் பிரிட்டிஷ் டெலிகொம் நிறுவனத்தில் தரவுப் பதிவு செய்த இரு பெண் பணியாளர்கள் தமது கைகளில் ஏற்பட்ட பாதிப்புக்காகத் தொடுத்த வழக்கில், இலண்டன் நகர நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்கள் விரைவாக விசைகளைத் தட்டவேண்டியிருந்ததோடு, பொருத்தமற்ற நாற்காலிகளால் உடலைத் தவறான நிலையில் வைத்தே பணிபுரிந்தனர் என்பது அவ்வழக்கின் மையம். 1998இல் பிரபுக்கள் சபை விசாரித்த வழக்கின் முடிவு வேறு. ஐ.சி.ஐ. நிறுவனத்தின் செயலாளர் ஒருவர் தட்டச்சினால் கை தசைப்பிடிப்புக்கு உள்ளானதாக வழக்காடித் தோற்றார். அவரது பணியில் தட்டச்சு அல்லாத வேலைகளும் கலந்திருந்தமையால், அவற்றைத் தாமே இடையிடையே செய்து கைக்கு ஓய்வளித்திருக்கலாம் என்பது தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. வரிசைப் பணியாளருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. ஆகவே அவருக்கான ஓய்வை வேறொருவர் திட்டமிட்டுத் தரவேண்டியுள்ளது.

அந்த வேறொருவர் யார் என்பதைச் சட்டம் கூறுகிறது. திரைக் கருவிகள் தொடர்பான 1992ஆம் ஆண்டின் உடல்நல, பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 1993 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின் 4ஆவது விதிப்படி, திரைப் பணி அவ்வப்போது இடைவேளையாலோ வேறு பணியாலோ தடைப்படும்படி வேலைத்திட்டத்தை அமைப்பது வேலை வழங்குநரின் கடமை. எத்தனை நிமிடங்கள் என்று விதி கூறவில்லை. ஆயினும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடங்கள் ஓய்வதைவிட மணிக்கு ஒருமுறை 5 முதல் 10 நிமிடங்கள் ஓய்வதே மேல் என்பது உடல்நல, பாதுகாப்பு நிர்வாகத்தின் வழிகாட்டல். தொலைபேசியில் பேசுவதோ கோப்புகளை ஒழுங்குபடுத்துவதோ இவ்வோய்வாக அமையலாம். கைத்தொலைபேசித் திரையைப் பார்ப்பது கண்ணுக்கு ஓய்வாகாது.

நடைமுறையில் இது பிழைத்துப்போவது பெரும்பாலும் இலக்குக் கணக்கில்தான். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கோரிக்கைகள் என்ற இலக்கு முழு 60 நிமிடங்களுக்கும் கணக்கிடப்பட்டிருந்தால், கையேட்டில் என்ன எழுதியிருந்தாலும் எவரும் எழுந்திருக்கமாட்டார். மேற்பார்வையாளரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: திரையை விட்டு விலகும் நிமிடங்கள் இலக்கிலிருந்து கழிக்கப்படுகின்றனவா? மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெறுவது நன்று.

கண்ணின் கதைக்கு வருவோம். திரையைக் கூர்ந்து நோக்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பல சிமிட்டல்கள் பாதியிலேயே நின்றும் விடுகின்றன. கண்ணீர்ப்படலம் காய்வதால் எரிச்சலும் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் உண்டாகும். சிலருக்கு மாறாகக் கண்ணீர் வழியும். அண்மையிலேயே நெடுநேரம் குவிந்திருந்த பார்வை, பணி முடிந்து பேருந்து எண்ணைப் பார்க்கும்போது சற்று மங்குவதும் இதனோடு சேர்ந்ததே. இவை வருத்தம் தருவனவேயன்றி, கண்ணை நிரந்தரமாகக் கெடுப்பனவல்ல. திரையைக் கையளவு தொலைவில் வைத்தல், முன்னே குனியாமல் எழுத்தைப் பெரிதாக்குதல், சன்னலுக்கு நேர் எதிரிலோ அதற்கு முதுகைக் காட்டியோ அமராமல் அது பக்கவாட்டில் வருமாறு அமர்தல், வெப்பக்காற்று முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளல் ஆகியவை போதிய மாற்றத்தைத் தரும்.

நாற்பதைக் கடந்தோர்க்குத் தனிச் சிக்கலொன்று உண்டு. தூரம், அண்மை இரண்டையும் ஒரே வில்லையில் அடக்கிய கண்ணாடி அணிவோர், வில்லையின் கீழ்ப்பகுதி வழியே திரையைப் பார்க்க மோவாயை உயர்த்துகின்றனர். நாள் முழுதும் இவ்வாறு இருந்தால் பின்கழுத்து வலிக்கும். "திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும்" என்ற பொது அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. திரையைத் தாழ்த்தவேண்டும், அல்லது திரைத் தொலைவுக்கென ஒரு கண்ணாடி வேண்டும். திரைப் பணியை வழமையாகச் செய்யும் ஊழியர் கேட்டால், கண் பரிசோதனைக்கான செலவை வேலை வழங்குநரே ஏற்கவேண்டும் என்கிறது 5ஆவது விதி. திரைப் பணிக்கெனத் தனிக் கண்ணாடி தேவை என்று பரிசோதனையில் தெரிந்தால், அதன் அடிப்படை விலையும் அவர் பொறுப்பு. சாதாரணக் கண்ணாடியே போதுமென்றால் அதற்கு அவர் பணம் தரவேண்டியதில்லை. ஆகவே பரிசோதனைக்குச் செல்லுமுன் கண்ணிலிருந்து திரைவரை உள்ள தூரத்தை அளந்து, கண்ணாடி நிபுணரிடம் சொல்வது பயன் தரும்.

இருக்கையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஐந்தடி உயரமுள்ள பெண் ஒருவர் 72 செ.மீ. உயர மேசையில் பணிபுரிவதாகக் கொள்வோம். பாதம் தரையில் பதிய அவருக்கு நாற்காலி 40 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். அமர்ந்த நிலையில் அவரது முழங்கை இருக்கையிலிருந்து 22 செ.மீ. மேலே உள்ளது, அதாவது தரையிலிருந்து 62 செ.மீ. மேசை அதைவிட 10 செ.மீ. உயரம். நாற்காலியை உயர்த்தாவிட்டால் நாள் முழுதும் தோளைத் தூக்கியே தட்டச்சு செய்வார். மாலையில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே வலிக்கும். நாற்காலியை 50 செ.மீ.க்கு உயர்த்தினால் முழங்கை சரியாகிவிடும்; ஆனால் கால்கள் தொங்கும். இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்தி மரத்துப்போகச் செய்யும். அதைத் தவிர்க்க அவர் முன்னே நகர்வார். முதுகு சாய்வை இழக்கும். ஆகவே 10 செ.மீ. உயரமுள்ள கால்தாங்கி அவருக்குத் தேவை. கேட்பவருக்குக் கால்தாங்கி தரப்படவேண்டும் என ஒழுங்குவிதிகளின் அட்டவணையே சொல்கிறது. நாற்காலியோடு கண்ணும் 10 செ.மீ. உயர்ந்துவிட்டதால் திரையையும் அதே அளவு உயர்த்தவேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

வீட்டிலிருந்து பணிபுரியும் ஊழியருக்கும் இவ்விதிகள் பொருந்தும். சுயதொழில் செய்வோருக்குப் பொருந்தா. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று பிழைக்கும். தனி விசைப்பலகையும் மவுஸும் பெற்று, மடிக்கணினியைத் தடித்த புத்தகங்களின்மேல் உயர்த்திவைப்பதே வழி. சமையலறை மேசையும் மதிப்பீட்டுக்கு உட்பட்ட பணியிடமே என்பதால், இவற்றை வேலை வழங்குநரிடம் கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

இரவில் விரல்கள் மரத்து விழிப்பு வந்தால், அல்லது விடுமுறை நாட்களிலும் கைவலி நீங்காவிட்டால், இருக்கையை மாற்றிப் பார்ப்பதோடு நிற்காமல் குடும்ப மருத்துவரைக் காணவேண்டும். வலி தொடங்கிய நாளையும், அன்று செய்த பணியையும் குறித்து மேற்பார்வையாளருக்கு எழுதிவைத்தால், பிற்பாடு தகராறு எழுந்தால் அதுவே சான்றாகும். திடீரெனப் பார்வை மறைதலோ, கண்ணில் ஒளி மின்னுதலோ திரைக் களைப்பு அல்ல. அன்றே அவசர மருத்துவ உதவி பெறவேண்டும்.

மதிப்பீடு கேட்டும் செய்யப்படாவிட்டால், முதலில் தொழிற்சங்கப் பிரதிநிதியை அணுகலாம். அலுவலகங்களில் இவ்விதிகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு பொதுவாக உள்ளூராட்சி மன்றத்தின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்குரியது. முறைப்பாடு செய்ய வேண்டியது வீடிருக்கும் பகுதியின் மன்றத்திடமன்று, அலுவலகம் அமைந்துள்ள பகுதியின் மன்றத்திடமாகும்.