தலைக்கு எவ்வளவு? சராசரிக் கணக்கு காட்டுவதும் மறைப்பதும்

சங்கக் கூட்டங்களில் வாசிக்கப்படும் அறிக்கைகளில் “தலைக்கு இத்தனை ரூபாய்”, “ஆளொன்றுக்கு இத்தனை மூட்டை” என்னும் வாசகங்களை அங்கத்தினர்கள் அடிக்கடி கேட்டிருப்பார்கள். இக்கணக்கு எவ்வாறு உண்டாகிறது, அதைக்கொண்டு எதைத் தீர்மானிக்கலாம், எதைத் தீர்மானிக்கலாகாது என்பவற்றை இப்பாடத்தில் விளக்குவோம்.

கணக்கு மிக எளியது. ஓர் ஊரில் ஓராண்டில் கிடைத்த மொத்த விளைவை அவ்வூரின் ஜனத்தொகையால் வகுத்தால் வரும் ஈவே தலைக்கு வீதம். தொட்டிற்குழந்தை முதல் முதியோர் வரை யாவரும் ஒவ்வொரு தலையாக எண்ணப்படுவர். இவ்வாறு வகுப்பதில் பயன் உண்டு. 10,000 மூட்டை விளையும் ஊர் 6,000 மூட்டை விளையும் ஊரைவிடச் செழிப்பானது என்று தோன்றும். ஆனால் முன்னதில் 2,000 பேரும் பின்னதில் 500 பேரும் வசிப்பார்களாயின், முன்னதில் தலைக்கு 5 மூட்டையும், பின்னதில் தலைக்கு 12 மூட்டையும் ஆகும். சிற்றூரையும் பேரூரையும் ஒரே தராசில் நிறுத்துவதற்கு இவ்வகுத்தல் இன்றியமையாதது.

தலைக்கு 12 மூட்டை என்று கண்ட அந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். இஃது உதாரணத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட ஊர். ஒருவர் உண்பதற்கு மட்டும் ஆண்டுக்கு 3 மூட்டை நெல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இவ்வூரார் தேவையைப்போல நான்கு மடங்கு உடையவர்கள் என்று கணக்குச் சொல்லும். இதை நம்பி, சங்க நிர்வாகிகள் ஒரு தானியக் களஞ்சியம் தொடங்க எண்ணி, “தலைக்கு 12 மூட்டை உள்ள ஊரில், தலைக்கு ஒரு மூட்டை சேமிப்பாகக் கொடுப்பது பாரமாகாது” என்று தீர்மானம் கொண்டுவருகிறார்கள். தீர்மானத்திற்குக் கை தூக்குமுன் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த 6,000 மூட்டையும் எவர் எவர் வீட்டிற்குச் சென்றது?

விசாரித்ததில் விவரம் பின்வருமாறு தெரியவருகிறது. பெருநிலக்காரர் குடும்பங்களில் 25 பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேர்ந்தது 3,650 மூட்டை, அதாவது தலைக்கு 146. சிறு நிலமுடைய குடியானவர் குடும்பங்களில் 175 பேர்; அவர்களுக்குச் சேர்ந்தது 1,750 மூட்டை, தலைக்கு 10. கூலிக்கு உழைக்கும் குடும்பங்களில் 300 பேர். கூலி நெல்லாக அவர்கள் பெற்றது 600 மூட்டை, தலைக்கு 2. மூன்றையும் கூட்டினால் சரியாக 6,000. ஆகவே அறிக்கையில் பொய் ஏதுமில்லை. ஆயினும் 12 மூட்டை பெற்றவர் என்று சுட்டிக்காட்ட அவ்வூரில் ஒருவர்கூட இல்லை. 500 பேரில் 475 பேர் அதற்குக் குறைவாகவே பெற்றிருக்கிறார்கள். தலைக்கு ஒரு மூட்டைச் சேமிப்பு என்பது பெருநிலக்காரருக்கு 146-இல் ஒன்று. கூலியாளுக்கோ, உண்ணவே போதாத இரண்டில் ஒன்று.

அடுத்த ஆண்டு நிலைமை மாறுகிறது. பெருநிலக்காரர் தம் கிணறுகளில் பம்பு இயந்திரம் வைக்கிறார்கள். தண்ணீர் மிகுந்து விளைவு 7,000 மூட்டையாக உயர்கிறது. தலைக்கு வீதமும் 12-லிருந்து 14 ஆகிறது. ஆனால் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர்களுக்கு அந்த வேலை நின்றுவிட்டது. பெருநிலக்காரருக்கு 4,800, சிறு குடியானவருக்கு முன்போல 1,750, கூலியாட்களுக்கு 450 என்று விளைவு பிரிகிறது. கூலியாளின் பங்கு இரண்டிலிருந்து ஒன்றரை மூட்டையாகக் குறைந்தது. ஊரின் சராசரி ஏறிய அதே ஆண்டில் ஊராரில் பாதிக்கு மேற்பட்டோர் முன்னிலும் வறியவர் ஆயினர். சராசரியை மட்டும் வாசித்தவர் இதை அறியவே மாட்டார்.

இனி, மெய்யாகவே நடந்த இரண்டு கணக்குகளைக் காண்போம். தாதாபாய் நவுரோஜி அவர்கள் 1876-ஆம் ஆண்டில் இந்தியாவின் வறுமையைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சர்க்கார் அறிக்கைகளைக்கொண்டே அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் ஆண்டு விளைவை ஏறக்குறைய 340 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டு, அப்போதைய ஜனத்தொகையான 17 கோடியால் வகுத்தார். தலைக்கு 20 ரூபாய் வந்தது. சென்னை மாகாணத்திற்கு 18 ரூபாய். அதே மாகாணத்தில் சிறைக்கைதி ஒருவருக்கு உணவுக்கும் உடைக்கும் ஆண்டொன்றுக்கு ஆன செலவோ 53 ரூபாய்க்கு மேற்பட்டது. விளைவு முழுவதையும் ஒருவருக்கும் ஏற்றத்தாழ்வின்றிப் பங்கிட்டாலும் கைதியின் அளவுக்குக்கூடப் போதாது என்பது இதனால் நிரூபணமாயிற்று. மேல்வகுப்பார் மிகுதியாக எடுத்துக்கொள்வதால் ஏழைக்கு அந்தச் சராசரியும் கிட்டுவதில்லை என்பதையும் அவர் உணர்ந்தே எழுதினார்.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பூமத்தியரேகைக் கினி என்னும் சிறு தேசத்தில், 1990-களில் கடலடியிலிருந்து பெருமளவில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அத்தேசத்தின் தலைக்கு உற்பத்தி ஆப்பிரிக்காக் கண்டத்திலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிற்று. ஆயினும் 2006-ஆம் ஆண்டில் வீடுவீடாக விசாரித்தபோது, நூற்றுக்கு ஏறக்குறைய 77 பேர் அத்தேசத்தின் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பது தெரிந்தது. எண்ணெயின் மதிப்பு முழுவதும் தேச உற்பத்தியில் சேர்ந்தது. ஆனால் அதில் அந்நியக் கம்பெனிகளின் லாபமாக வெளியே சென்ற பங்கும் அடங்கும். எஞ்சியதும் பெரும்பாலோரை எட்டவில்லை. நம் ஊர்க் கணக்கிலும், வெளியூரில் வசிக்கும் நிலக்காரருக்கு வண்டியேறிச் செல்லும் குத்தகை நெல்லைக் கழிக்காமல் வகுத்தால் இதே பிழை நேரும்.

இவ்விரண்டிலிருந்தும் அறியத்தக்கது யாதெனில், தலைக்கு வீதம் தேவைக்குக் குறைவாயிருந்தால் பண்டம் போதவில்லை என்பது உறுதி. வீதம் மிகுந்திருந்தால், சமமாகப் பங்கிட்டால் போதும் என்பது மட்டுமே உறுதி. எல்லாருக்கும் போதுமான அளவு கிடைத்தது என்பது உறுதியன்று.

மறைந்திருப்பதைக் கண்டறியும் வழி கடினமன்று. முதலாவது, சராசரிக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணுக. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கீழே இருப்பின், மேலேயுள்ள சிலரே அதை உயர்த்தியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இரண்டாவது, எல்லாரையும் குறைந்த பங்கினர் முதல் மிகுந்த பங்கினர் வரை வரிசையாக எழுதி, நடுவில் நிற்பவர் பெறுவதைப் பார்க்க. நமது உதாரண ஊரில் முதல் ஆண்டில் நடுவில் நிற்பவர் பெற்றது 12 மூட்டையன்று, 2 மூட்டையே. ஆனால் நடுவில் நிற்பவர் ஓரளவு வசதியுடையவராயிருந்தாலும் கடைசியில் நிற்பவர் பட்டினி கிடக்கக்கூடும். ஆதலால் மூன்றாவதாக, வரிசையின் கடைசியில் உள்ள நூற்றுக்கு இருபது பேரின் பங்கையும் தனியே எழுதவேண்டும்.

சங்கத்தின் டிப்பாசிட்டுக் கணக்கிலும் இம்முறையே பொருந்தும். “அங்கத்தினர் ஒருவருக்குச் சராசரி டிப்பாசிட்டு இவ்வளவு” என்று காரியதரிசி வாசித்தால், நடுவிலுள்ள அங்கத்தினரின் தொகையையும் கேளுங்கள். பேரேட்டைக் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் அதை எடுத்துவிடலாம். அதன்பின் மேற்சொன்ன களஞ்சியத் தீர்மானத்தைத் தலைக்கு ஒரு மூட்டை என்று வைப்பதா, அவரவர் விளைவில் நூற்றுக்கு இத்தனை என்று வைப்பதா, மூன்று மூட்டைக்குக் குறைந்தவர்களை விலக்கிவிடுவதா என்பதை விஷயம் தெரிந்து தீர்மானிக்கலாம்.