விதியும் விலக்கும்: தொழில்நுட்ப ஆவணங்களில் வினைமுடிவுகள்

தமிழில் 'வேண்டும்' என்னும் சொல் பல வேலைகளைச் செய்கிறது. 'எனக்கு நீர் வேண்டும்' என்பதில் அது தேவையைக் குறிக்கிறது. 'நீ நலமுடன் வாழ வேண்டும்' என்பதில் வாழ்த்தாகிறது. 'வரி கட்ட வேண்டும்' என்பதில் கட்டளையாகிறது. பேச்சில் இதனால் குழப்பம் நேர்வதில்லை. சொல்பவரின் முகமும் குரலும் பொருளை வரையறுத்துவிடுகின்றன. தொழில்நுட்ப ஆவணத்திற்கோ முகமும் இல்லை, குரலும் இல்லை. அதை எழுதியவரை ஒருபோதும் காணாத பொறியாளர், வேறொரு நாட்டில், பல ஆண்டுகள் கழித்து அதைப் படித்து ஒரு கருவியையோ மென்பொருளையோ உருவாக்குகிறார். எது கட்டாயம், எது பரிந்துரை, எது அவரவர் விருப்பம் என்பதை அவர் வினைமுடிவை மட்டும் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இவ்வேலையைச் செய்பவை மஸ்ட், ஷல், ஷுட், மே என்னும் துணைவினைகள். இவையும் இயல்பாகவே நெகிழ்ச்சி உடையவை. ஆகவே இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு, 1997ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இச்சொற்களுக்கென்றே ஒரு சிறு ஆவணத்தை வெளியிட்டது. ஸ்காட் பிராட்னர் எழுதிய அதன் எண் ஆர்.எஃப்.சி. 2119. அதன்படி மஸ்ட் என்பது விலக்கில்லாத கட்டாயம். ஷல் என்பதும் அதே பொருளுடையது. ஷுட் என்பது பரிந்துரை. தக்க காரணம் இருந்தால் அதிலிருந்து விலகலாம். ஆனால் விளைவுகளை முழுதும் அறிந்து, எடைபோட்ட பின்னரே விலகுதல் தகும். மே என்பது முழு உரிமை. செய்தாலும் சரி, விட்டாலும் சரி. எனினும் அவ்வுரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வசதியைச் சேர்க்காத மென்பொருள், அதைச் சேர்த்த மென்பொருளுடன் இணைந்து இயங்க ஆயத்தமாக இருத்தல் கட்டாயம்.

இந்த மூன்று படிகளும் ஒரே இடத்தில் பயின்றுவருவதை மின்னஞ்சல் நெறிமுறையில் காணலாம். 2008இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5321, மடலைப் பெறவேண்டிய கணினி செயலற்றிருக்கும்போது அனுப்பும் கணினி என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறுகிறது. உடனே அனுப்ப இயலாத மடலை வரிசையில் வைத்து அவ்வப்போது மீண்டும் முயல்வது கட்டாயம். ஒரு முயற்சி தோற்றால், அடுத்த முயற்சிக்கு முன் காத்திருப்பதும் கட்டாயம். இவ்விரண்டிற்கும் மஸ்ட் ஆளப்பட்டுள்ளது. அந்தக் காத்திருப்பு குறைந்தது 30 நிமிடம் என்பதற்கோ ஷுட் ஆளப்பட்டுள்ளது. மடல் சேரவில்லை என்று தெரிவிக்கும் அறிவிப்பு மடல்களுக்கு மறுமுயற்சிகளைக் குறைத்துக்கொள்வது பொருத்தமாகலாம் என்னுமிடத்தில் மே வருகிறது.

காத்திருப்பது ஏன் கட்டாயம்? ஒரு கணினி ஒரு மணி நேரம் செயலற்றுக் கிடப்பதாகவும், 1000 கணினிகள் அதற்கு மடல் அனுப்பக் காத்திருப்பதாகவும் கொள்வோம். ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறை முயன்றால், அந்த ஒரு மணி நேரத்தில் 36 இலட்சம் முயற்சிகள் வந்து மோதும். 30 நிமிடத்திற்கு ஒருமுறை என்றால் ஏறத்தாழ 2000 மட்டுமே. நோயுற்ற கணினி எழுந்து நிற்க முயலும்போதே அதை மீண்டும் வீழ்த்துவது முன்னதன் விளைவு. பிறருக்குத் தீங்கு நேரும் இடத்திலும், இணைந்து இயங்குதல் கெடும் இடத்திலும் மட்டுமே கட்டாயச் சொல்லை ஆளுக என்று ஆர்.எஃப்.சி. 2119 அறிவுறுத்துகிறது. அளவின்றித் திரும்பத் திரும்ப அனுப்புவதைக் கட்டுப்படுத்தல் அங்கே எடுத்துக்காட்டாகவே சுட்டப்படுகிறது.

அவ்வாறாயின் 30 நிமிடத்தையும் கட்டாயமாக்கியிருக்கலாமே எனத் தோன்றும். இங்குதான் ஷுட் தன் வேலையைச் செய்கிறது. மடல் ஏன் சேரவில்லை என்பது சிலவேளைகளில் தெரிந்துவிடும். அறிமுகமற்ற கணினியிலிருந்து வரும் முதல் மடலைச் சில அஞ்சல் கணினிகள் 'சற்றுப் பொறுத்து வருக' என்று வேண்டுமென்றே திருப்பிவிடுகின்றன. குப்பை மடல் அனுப்புவோர் பெரும்பாலும் மீண்டும் முயல்வதில்லை என்பதால் இஃது ஒரு வடிகட்டி. இத்தகைய இடத்தில் சில நிமிடங்களிலேயே மீண்டும் முயல்வது யாருக்கும் தீங்கன்று. மடலும் விரைவில் சேரும். போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் பரவலான அஞ்சல் மென்பொருள், மாற்றப்படாத அமைப்பில், குறைந்த அளவு இடைவெளியாக 300 நொடியையே கொள்கிறது. மடல் வரிசையில் நெடுநேரம் கிடக்கக் கிடக்க இடைவெளி வளர்ந்து 4000 நொடிவரை செல்கிறது. இது விதிமீறல் அன்று. காரணத்தோடு கூடிய விலகல்.

ஆயினும் இந்தச் சொல்லமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. காத்திருப்பது கட்டாயம் என்னும் தொடர் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லவில்லை. ஒரு நொடி மட்டும் காத்திருக்கும் மென்பொருள் மஸ்ட் என்பதன் எழுத்தை மீறவில்லை. ஷுட் என்பதையே மீறுகிறது. ஷுட் என்பதை 'விரும்பினால் செய்க' என்று படிப்பவர், கட்டாயத்தின் நோக்கத்தையே இவ்வாறு வெறுமையாக்கிவிட முடியும். பரிந்துரைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இதுவே சான்று.

சொற்களின் பொருள் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுவதும் உண்டு. பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பின் எழுத்து விதிகளில் கட்டாயத்திற்குரிய சொல் ஷல் மட்டுமே. சட்டம் போன்ற வெளிக் கட்டுப்பாடுகளைச் சுட்டவே அங்கு மஸ்ட் பயன்படுகிறது. எனவே ஓர் ஆவணம் எந்த அகராதியைப் பின்பற்றுகிறது என்பதை அதன் தொடக்கத்திலேயே அறிவித்தல் இன்றியமையாதது. இணைய ஆவணங்களில் இன்னோர் ஐயமும் எழுந்தது: உரைநடையின் போக்கில் சிறிய எழுத்தில் வரும் மஸ்ட் கட்டாயமா, அன்றா? 2017இல் ஆர்.எஃப்.சி. 8174 அதைத் தீர்த்தது. முழுவதும் பெரிய எழுத்தில் வந்தால் மட்டுமே இச்சொற்கள் வரையறுத்த பொருளைப் பெறும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆகவே தமிழில் எழுதுவோர் வினைமுடிவிலேயே வேறுபாட்டைக் காட்ட வேண்டியவராகின்றனர். மஸ்ட், ஷுட் இரண்டையும் 'வேண்டும்' என்றே பெயர்ப்பது பெருவழக்கு. அவ்வாறு செய்தால் பரிந்துரை அனைத்தும் கட்டாயமாகிவிடும். எதிர்மறையில் இடர் இன்னும் மிகுதி. 'அனுப்பக் கூடாது' என்பது தடை. 'அனுப்ப வேண்டியதில்லை' என்பது கட்டாயம் நீங்கிய நிலை. 'அனுப்பாமல் இருக்கலாம்' என்பதோ இரு பொருள் தருகிறது: அனுப்பாதிருக்க உரிமை உண்டு என்பது ஒன்று, அனுப்பாமல் போக வாய்ப்பு உண்டு என்பது மற்றொன்று. ஆங்கிலத்தின் மே நாட் என்பதும் இத்தகையதே. தடை என்றும் அது பொருள்படுவதால் தரப்படுத்தல் அமைப்பு தடையைக் கூற அதை ஆளலாகாது என்கிறது.

செயப்பாட்டு வினையும் பொறுப்பை மறைக்கும். 'இடைவெளி விடப்பட வேண்டும்' என்றால் விடுபவர் யார்? அனுப்பும் கணினியா, பெறும் கணினியா, அதை மேலாளும் அலுவலரா? எழுவாயைப் பெயர் சொல்லி முன்னிறுத்தினால் ஐயம் நீங்கும். மேற்கண்ட விதியின் கருத்தைத் தமிழில் இவ்வாறு எழுதலாம்:

'அனுப்பும் கணினி, ஒரு முயற்சி தோற்றபின், அடுத்த முயற்சிக்கு முன் கட்டாயமாகக் காத்திருக்க வேண்டும். அக்கணினி குறைந்தது 30 நிமிடம் காத்திருப்பது பரிந்துரைக்கப்படுகிறது. தோல்வியின் காரணத்தை அறிந்தவிடத்து இவ்விடைவெளியை அது மாற்றிக்கொள்ளலாம். மடல் சேராமையைத் தெரிவிக்கும் அறிவிப்புகளுக்கு அக்கணினி மறுமுயற்சிகளைக் குறைத்துக்கொள்ள உரிமை உடையது.'